பூட்டிய திரையை எழுப்பும் உரிமை

இரவு ஒன்பது மணி மாத்திரைக்கு நினைவூட்டும் செயலி ஒன்றைப் புதிய போனில் நிறுவுகிறீர்கள். பழைய போனில் நேரம் வந்ததும் பூட்டிய திரை தானே ஒளிர்ந்து, மருந்தின் பெயர் முழுத்திரையில் வந்து நிற்கும். புதிய போனிலோ ஒரு சிறு ஒலியும் ஓர் அறிவிப்புக் கீற்றும் மட்டுமே வருகின்றன. பெரும்பாலும் செயலி பழுதாகியிருக்காது. அதற்கு ஓர் அனுமதி கிடைக்கவில்லை.

ஆண்ட்ராய்டில் இதற்கு ஃபுல் ஸ்கிரீன் இன்டென்ட் என்று பெயர். அறிவிப்போடு சேர்த்துத் தன் முழுத்திரைப் பக்கம் ஒன்றையும் செயலி கணினியிடம் ஒப்படைக்கிறது. போன் பூட்டியிருந்தால் கணினி அந்தப் பக்கத்தையே திறக்கும். நீங்கள் போனைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், கைவேலையைக் கெடுக்காமல் மேலே ஒரு பட்டையாக மட்டும் காட்டும். அனுமதி இருந்தாலும் இப்படித்தான். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஆண்ட்ராய்டு 10 முதல் இதற்கு `USE_FULL_SCREEN_INTENT` என்ற அனுமதியைச் செயலி அறிவிக்க வேண்டும். ஆனால் அறிவித்தாலே போதும், உங்களைக் கேட்காமலே கிடைத்துவிடும். ஆகவே எந்தச் செயலியும் பூட்டிய திரையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. விளம்பரத்தை முழுத்திரையில் விரிக்கலாம். வேறொரு செயலியின் பக்கம்போல வேடமிட்டு கடவுச்சொல்லைக் கேட்கலாம். அழைப்பு வந்ததோ அலாரம் அடித்ததோ என்று பதறி எடுப்பவர், திரையில் இருப்பது யாருடையது என்று ஆராய்ந்து பார்ப்பதில்லை.

ஆண்ட்ராய்டு 14 இந்தக் கதவை ஒடுக்கியது. அழைப்பும் அலாரமும் முதன்மைப் பணியாக உள்ள செயலிகளுக்கே இனி அனுமதி தானாகக் கிடைக்கும். மற்றவற்றுக்கு அதை கூகுள் பிளே விலக்கிவிடுகிறது. அவை உங்களிடம்தான் கேட்டுப் பெற வேண்டும். ஆண்ட்ராய்டு 14க்கு மாறும் முன்பே போனில் இருந்த செயலிக்குப் பழைய அனுமதி தொடரும். ஒரே செயலி ஒரு வீட்டின் இரண்டு போன்களில் இரண்டு விதமாக நடப்பதற்கு இது ஒரு காரணம்.

மருந்து நினைவூட்டி போன்றவை இந்த எல்லைக்கோட்டில் நிற்கின்றன. அவற்றை உருவாக்குவோர் `canUseFullScreenIntent()` மூலம் அனுமதி உண்டா என்று சோதித்து, இல்லையென்றால் காரணத்தைச் சொல்லி, உரிய அமைப்புப் பக்கத்துக்குப் பயனரை அழைத்துச் செல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இழப்பு நோயாளிக்குத்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குள் சிறப்பு அணுகல் பட்டியலைத் திறந்து, முழுத்திரை அறிவிப்புகள் என்பதைப் பாருங்கள். போனுக்குப் போன் பெயர் சற்று மாறலாம். மருந்துச் செயலிக்கு அனுமதி கொடுங்கள்; விளையாட்டு, கடைச் செயலிகளுக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு நிமிடம் கழித்து ஒரு நினைவூட்டலை வைத்து, போனைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். திரை எழுந்தால் அந்தச் செயலியை நம்பலாம். எழாவிட்டால் மாத்திரை நேரத்துக்குக் கடிகாரச் செயலியிலும் ஓர் அலாரம் வையுங்கள்.