பாஸ்வேர்டு கேட்காத ஆதார் கோப்பு

விண்ணப்பத்தை எல்லாம் நிரப்பி முடித்து, கடைசியில் ஆதாரைப் பதிவேற்றும்போதுதான் பலருக்கும் சிக்கல் தெரியவருகிறது. கோப்பு சரியான அளவில்தான் இருக்கிறது, பி.டி.எஃப்.தான், நம் போனில் திறக்கவும் செய்கிறது. ஆனால் இணையதளம் அதை ஏற்க மறுக்கிறது. அல்லது ஏற்றுக்கொண்டபின் ஒரு வாரம் கழித்து, 'உங்கள் ஆவணத்தைத் திறக்க முடியவில்லை' என்று தகவல் வருகிறது. காரணம் ஒன்றுதான். ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிய இ-ஆதார் பூட்டிய கோப்பு. திறக்கும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது.

உங்கள் கோப்பு, உங்களுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு. அதை நீக்குவது உங்கள் உரிமை. காசு கொடுத்து மென்பொருள் வாங்கவோ, முன்பின் தெரியாத ஓர் இணையதளத்திடம் கோப்பைக் கொடுக்கவோ தேவையில்லை. வங்கிக் கணக்கு அறிக்கைக்கும் சம்பளச் சீட்டுக்கும் வழி இதேதான். ஆனால் இ-ஆதாரில் மட்டும் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அதனால் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் பாஸ்வேர்டு. ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகள், பெரிய எழுத்தில். அதைத் தொடர்ந்து பிறந்த ஆண்டு. சுரேஷ்குமார், பிறந்தது 1990 என்றால் `SURE1990`. இதில் தமிழ்நாட்டுக்காரர்கள் தடுக்கி விழும் இடம் இனிஷியல். ஆணையமே தரும் உதாரணங்களில் ஒன்று P. KUMAR. இவருடைய பாஸ்வேர்டு `KUMA1990` அல்ல, `P.KU1990`. இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. SAI KUMAR என்று இரண்டு சொல்லாக இருந்தால் `SAIK1990` ஆவதும் அதனால்தான். மூன்றே எழுத்துப் பெயரென்றால் மூன்றோடு நிறுத்தி ஆண்டைச் சேர்த்தால் போதும். RIA என்பவருக்கு `RIA1990`. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பின்னாலும் ஆதாரில் முன்னாலும் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் முதலில் கையிலுள்ள ஆதார் அட்டையை எடுத்து, பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது, புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பூட்டு எங்கே இருக்கிறது என்பது. கோப்பின் வாசலில் மட்டும் பாஸ்வேர்டு நிற்கிறது, உள்ளே எல்லாம் சாதாரணமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே இருக்கும் எழுத்தும் படமுமே குலைத்து எழுதப்பட்டிருக்கின்றன. பாஸ்வேர்டைத் தந்தால்தான் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சாவி கிடைக்கும். ஆகவே கோப்பின் பெயரை மாற்றுவதாலோ, வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப இறக்குவதாலோ, பென்டிரைவில் நகலெடுப்பதாலோ பூட்டு போகாது. பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறந்து, திறந்த உள்ளடக்கத்தைப் புதிய கோப்பாக எழுத வேண்டும். எல்லா வழிகளும் செய்வது இதைத்தான்.

மிக எளிய வழி குரோம் பிரவுசர். கணினியில் கோப்பை இழுத்துக் குரோம் ஜன்னலில் விடுங்கள். பாஸ்வேர்டு கேட்கும், கொடுங்கள். கோப்பு திறந்ததும் கன்ட்ரோல் விசையோடு P-யை அழுத்துங்கள். பிரிண்ட் பெட்டியில் `Destination` என்ற இடத்தில் பிரிண்டரின் பெயருக்குப் பதில் `Save as PDF` என்பதைத் தேர்ந்தெடுத்து, புதுப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். அவ்வளவுதான்.

பலரும் தவறுவது ஓரிடத்தில். திறந்த கோப்பின் மேல்மூலையில் கீழ்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் சேமிக்கப்படுவது பழைய பூட்டிய கோப்பேதான். பிரிண்ட் வழியாகப் போனால்தான் புதுக் கோப்பு பிறக்கும்.

ஐபோனில் `Files` செயலியில் திறந்து, பகிரும் குறியைத் தொட்டு, `Print` போய், அங்கு தெரியும் முன்தோற்றத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் அது தனிக் கோப்பாகும். அங்கிருந்து பகிர்ந்து `Save to Files` கொடுக்கலாம்.

பிரிண்ட் வழியில் ஒரு குறை உண்டு. அது ஆவணத்தை மறுபடி வரைந்து வைக்கிறது. உள்ளே இருந்த இணைப்புகளும் பக்கக் குறிகளும் போய்விடலாம். சில பிரிண்ட் மென்பொருள்களில் எழுத்தெல்லாம் படமாகிவிடும். பிறகு ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. ஒரு பக்க ஆதாருக்கு இது பெரிய இழப்பில்லை. நாற்பது பக்க வங்கி அறிக்கையில் ஒரு வரவைத் தேட வேண்டியவருக்கு இழப்புதான். புதிய கோப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பாருங்கள். எழுத்து பிடிபடவில்லை என்றால் படமாகிவிட்டது என்று பொருள்.

அந்தக் குறை இல்லாத வழி qpdf. இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இணையத் தொடர்பு இல்லாமலே வேலை செய்யும். பக்கங்களை மறுபடி வரையாமல், குலைந்த எழுத்தை மட்டும் நேராக்கி எழுதும். நம் குமாரின் கோப்பு `aadhaar.pdf` என்றால், அது இருக்கும் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து இந்த ஒரு வரியைத் தட்ட வேண்டும்:

```
qpdf --password="P.KU1990" --decrypt aadhaar.pdf aadhaar-open.pdf
```

சரியாக முடிந்தால் திரையில் ஒன்றும் வராது, ஃபோல்டரில் புதுக் கோப்பு இருக்கும். புள்ளியை விட்டுவிட்டு `PKU1990` என்று தட்டினால் `invalid password` என்று சொல்லி நின்றுவிடும். உள்ளே போகும் கோப்புக்கும் வெளியே வரும் கோப்புக்கும் ஒரே பெயர் கொடுத்தால் அது மறுத்துவிடும். மூலத்தின் மேல் தெரியாமல் எழுதிவிடக் கூடாது என்பதற்கான நல்ல காப்பு அது. பாஸ்வேர்டில் டாலர் குறியோ ஆச்சரியக் குறியோ இருந்தால் மேக், லினக்ஸில் இரட்டை மேற்கோளுக்குப் பதில் ஒற்றை மேற்கோள் போடுங்கள். இப்படித் தட்டும் கட்டளை டெர்மினலின் நினைவில் தங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். பலர் புழங்கும் கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

பூட்டு போனதா என்று உறுதி செய்ய இன்னொரு வரி:

```
qpdf --show-encryption aadhaar-open.pdf
```

`File is not encrypted` என்று வந்தால் வேலை முடிந்தது. கட்டளைகள் வேண்டாம் என்பவர்கள் கோப்பைத் தங்களின் இன்னொரு போனிலோ வேறொரு செயலியிலோ திறந்து பார்க்கலாம்.

இனி, இ-ஆதாருக்கே உரிய விஷயம். அந்தக் கோப்பு பூட்டப்பட்டது மட்டுமல்ல, ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பமும் இடப்பட்டது. அக்ரோபேட் ரீடரில் திறந்தால் கையொப்பம் இருக்கும் இடத்தில் முதலில் மஞ்சள் கேள்விக்குறி தெரியும். சரிபார்த்து, வழங்கியவரை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தால் பச்சைக் குறியாக மாறும். கோப்பில் உள்ள பைட்டுகள் கையொப்பமிட்ட நேரத்தில் இருந்தது போலவே இருந்தால்தான் அந்தக் குறி வரும். பாஸ்வேர்டை நீக்கும்போது கோப்பே புதிதாக எழுதப்படுகிறது, பைட்டுகள் மாறுகின்றன. எனவே qpdf வழியில் வந்த கோப்பில் கையொப்பம் செல்லாததாகிவிடும். பிரிண்ட் வழியில் வந்ததில் கையொப்பம் வெறும் படமாக நிற்கும். இது எந்த மென்பொருளின் குற்றமும் இல்லை. கையொப்பம் செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

அதனால் மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடத்துக்குப் பூட்டிய மூலத்தையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். பார்வைக்கு மட்டும் கேட்கும் இடத்துக்குத் திறந்த கோப்பு போதும்.

திறந்த கோப்பில் நம்பகத்தன்மை முழுக்கப் போய்விடவும் இல்லை. ஆதாரில் உள்ள பெரிய கியூ.ஆர். கட்டத்துக்குள் உங்கள் பெயர், முகவரி, புகைப்படம் ஆகியவை இருக்கின்றன. அந்தத் தகவலுக்கு ஆணையத்தின் தனிக் கையொப்பமும் உண்டு. அது கோப்பின் பைட்டுகளைச் சார்ந்ததல்ல, கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எனவே பாஸ்வேர்டு நீங்கினாலும், காகிதத்தில் அச்சிட்டாலும், ஆணையத்தின் ஸ்கேனர் செயலியால் அதைச் சரிபார்க்க முடியும். ஒரே நிபந்தனை, கட்டம் தெளிவாக இருக்க வேண்டும். அதில் புள்ளிகள் மிக நெருக்கமானவை. '200 கே.பி.க்குள் வேண்டும்' என்று கேட்கும் தளங்களுக்காகக் கோப்பை அளவுக்கு மீறிச் சுருக்கினால் முகம் தெரியும், எழுத்தும் தெரியும், கியூ.ஆர். மட்டும் மங்கிச் செத்துவிடும். சுருக்கியபின் அதை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.

'இலவசமாகப் பூட்டு நீக்குகிறோம்' என்று சொல்லும் இணையதளங்களைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆதாருக்கு அவை வேண்டாம். அங்கே கோப்பைப் பதிவேற்றி பாஸ்வேர்டையும் தருகிறீர்கள் என்றால், உங்கள் எண், முகவரி, பிறந்த தேதி, முகம் எல்லாமே யாருடையதென்று தெரியாத ஒரு கணினியில் திறந்து கிடக்கின்றன. ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று அவர்கள் எழுதி வைத்திருப்பதைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை. உங்கள் கணினியே அரை நிமிடத்தில் செய்யும் வேலை இது.

பாஸ்வேர்டே நினைவில்லாத பழைய பி.டி.எஃப். என்றால் இந்த வழிகள் எதுவும் உதவாது. ஆனால் இ-ஆதாருக்கு அந்தக் கவலை இல்லை, பெயரும் பிறந்த ஆண்டும்தான் பாஸ்வேர்டு. கோப்பே தொலைந்துபோனாலும், பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு புதிதாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கும்போதே, முழு எண் தேவைப்படாத இடமென்றால், எண்ணை மறைத்த ஆதாரைத் தேர்ந்தெடுங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். அடையாளத்துக்காக மட்டும் கேட்கும் இடத்துக்குப் பூட்டு நீக்கி அனுப்புவதானால் அந்தப் பிரதியையே அனுப்புங்கள்.

பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த எவரும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுதானே என்று இந்தப் பூட்டை அலட்சியமாக நினைக்க வேண்டாம். கைமாறிப் போன கோப்பை யார் என்றே தெரியாதவர் திறக்காமல் அது தடுக்கிறது. நீக்கிய பிறகு அந்தத் தடுப்பும் இல்லை. ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ இந்த வேலையைச் செய்ய நேர்ந்தால், எழுந்து வருவதற்கு முன் `Downloads` ஃபோல்டரிலிருந்து இரண்டு கோப்புகளையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, உங்கள் மெயிலிலிருந்தும் வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் வெளியேறிவிட்டு வாருங்கள்.