பேரிங் ஏன் தோளில் உட்காரவில்லை?

கோவையில் பம்ப், மோட்டார் வேலை எடுக்கும் கடைசல் பட்டறைகளில் 6205 பேரிங்கைத் தெரியாதவர் இருக்க மாட்டார். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. இந்தப் பேரிங் ஏறுகிற ஒரு சிறிய ஷாஃப்டை சிஎன்சி லேத்தில் எப்படிக் கடைகிறார்கள் என்று பார்க்கலாம். 40 மி.மீ. ராடை எடுத்து, முனையிலிருந்து 30 மி.மீ. நீளத்துக்கு 25 விட்டமாகக் குறைக்க வேண்டும். அதற்கு அப்பால் 36 விட்டத்தில் ஒரு தோள். இரண்டும் சேரும் மூலையில் 0.8 ஆரமுள்ள சின்ன வளைவு. ஏறிய பேரிங் வெளியே வராமல் பிடிக்க, சர்க்லிப்புக்கு ஒரு காடி.

பொருள் சுழல்கிறது, ஆகவே முழு உருவத்தையும் வரைய வேண்டியதில்லை. மையக்கோட்டுக்கு மேலே உள்ள பாதி விளிம்பே போதும். முடிந்த முகப்பு Z0. சக்கை நோக்கிப் போகப்போக Z கழித்தல் குறியோடு வளரும். X என்பது விட்டம். அந்த விளிம்புக்கோடுதான் கீழே N10 முதல் N20 வரை இருக்கிறது. கன்ட்ரோல் ஃபானுக் வகை.

```
G00 X43 Z2
G71 U1.5 R0.5
G71 P10 Q20 U0.4 W0.1 F0.25
N10 G00 G42 X23
G01 Z0 F0.1
X25 Z-1
Z-29.2
G02 X26.6 Z-30 R0.8
G01 X34
X36 Z-31
Z-55
N20 X43
```

ரஃபிங் பாதையை யாரும் வரிவரியாக எழுதுவதில்லை. ஒரு பக்கம் 1.5 மி.மீ. ஆழம் என்று G71-க்குச் சொன்னால் போதும். விட்டத்தில் 3 மி.மீ. வீதம் 40, 37, 34 என்று அதுவே இறங்கும். முதல் ஓட்டம் ராடின் கறுப்புத் தோலைத்தான் உரசும். 34-க்கு வந்ததும் தோளுக்கு முன்பே நின்று திரும்பும். கடைசியில் விளிம்பை ஒட்டி ஒருமுறை ஓடி, விட்டத்தில் 0.4, முகத்தில் 0.1 மி.மீ. மிச்சம் வைக்கும். அந்த மிச்சம் ஃபினிஷிங் டூலுக்கு. டூலை மாற்றிக்கொண்டு `G70 P10 Q20` கொடுத்தால் அதே கோட்டில் ஒரே ஓட்டமாக முடித்துவிடும்.

சிக்கல் இந்த ஓட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது. முதல் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்தால் 25.008 காட்டும். பேரிங் இருக்கைக்குக் கேட்டிருந்தது 25.002 முதல் 25.015 வரை, சரியாகவே இருக்கிறது. ஆனால் பேரிங்கை ஏற்றினால் தோளில் முழுதாகப் படியாது. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு இடையில் நுழைகிறது.

காரணம், டூலின் முனை புள்ளி அல்ல. இன்சர்ட்டின் மூக்கு 0.4 மி.மீ. ஆரத்தில் உருண்டிருக்கிறது. மெஷினோ, முகப்பைத் தொடும் கோடும் விட்டத்தைத் தொடும் கோடும் சந்திக்கிற, உலோகமே இல்லாத ஒரு மூலையைத்தான் முனை என்று நினைத்து ஓட்டுகிறது. நேரான விட்டத்திலும் செங்குத்தான முகத்திலும் இதனால் பிழை வராது. மைக்ரோமீட்டர் ஏமாறுவது அதனால்தான். சாய்விலும் வளைவிலும் பிழை வந்துவிடும். 1 மி.மீ. சாம்ஃபர் 0.77 ஆகக் குறையும். 0.8 ஆரம் 1.2 ஆகப் பெருக்கும். 6205-க்கு ஷாஃப்டின் மூலை ஆரம் 1 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. பேரிங்கின் ஓரம் வளைவில் ஏறி நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம்.

மருந்து N10-ல் உள்ள G42. மூக்கின் ஆரத்தைக் கணக்கிட்டு, பாதையை அது நகர்த்திக்கொள்ளும். ஆனால் ஆப்செட் பக்கத்தில் அந்த டூலுக்கு நேரே R 0.4 என்றும், முனையின் திசை எண் 3 என்றும் பதிந்திருக்க வேண்டும். R பூஜ்ஜியமாகக் கிடந்தால் G42 எழுதியும் பயனில்லை. இன்சர்ட்டை 0.8 மூக்குக்கு மாற்றிவிட்டு R-ஐ அப்படியே விட்டாலும் இதே கதைதான். வேலை முடிந்து டூல் விலகும்போது G40 கொடுத்து ரத்து செய்ய வேண்டும்.

காடி தனி டூலின் வேலை, அதுவும் ஃபினிஷிங் முடிந்த பிறகு. 25 ஷாஃப்டின் சர்க்லிப் 1.2 மி.மீ. தடிமன், காடியின் அகலம் 1.3, அடிவிட்டம் 23.9. பேரிங் Z-30-இலிருந்து Z-15 வரை உட்காரும். ஆகவே காடி Z-15-இலிருந்து Z-13.7 வரை அமைய வேண்டும்.

```
G97 S800 M03
G00 X27 Z-15
G01 X23.9 F0.05
G04 P200
G00 X27
```

நடுவில் உள்ள G04, டூலை அடியில் 0.2 விநாடி நிறுத்துகிறது. அதற்குள் ஷாஃப்ட் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றி, அடிப்பகுதி முழுவட்டமாகிவிடும். இங்கே நடக்கும் பெரிய தவறு வேறு. 1.3 அகல டூலுக்கு இரண்டு மூலைகள் உண்டு. முகப்பைத் தொட்டு அளவு எடுக்கும்போது தொடுவது சக் பக்க மூலை. புரோகிராம் எழுதியவர் மறுமூலையை மனதில் வைத்து Z-13.7 என்று எழுதியிருந்தால், காடி முழுதாக 1.3 மி.மீ. வெளியே தள்ளிப் போகும். சர்க்லிப் அழகாகப் பொருந்தும். பேரிங் மட்டும் முன்னும் பின்னும் ஆடும்.

முதல் ஷாஃப்ட் இறங்கியதும் விட்டத்தை மட்டும் அளந்து அடுத்த ராடை மாட்டிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு 6205 பேரிங்கும் ஒரு சர்க்லிப்பும் வைத்திருங்கள். இரண்டையும் ஏற்றிப் பார்த்த பிறகே மிச்ச ராடுகளைத் தொடுங்கள்.