நியூ ஜெர்சிக்குக் காலை எட்டு, திருச்சிக்கு மாலை ஆறரை

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று மறுபடி பின்னே இழுப்பார்கள். இந்தியாவிலிருந்து அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கத் தொடங்குபவர்கள் பலர் முதன்முதலில் இடறி விழுவது இங்கேதான்.

திருச்சியில் ஒரு கணித ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். பள்ளி வேலையை விட்டுவிட்டவர். அதைச் சொல்லக் காரணம் உண்டு: பணியில் இருக்கும் பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆவது பிரிவில் தடுத்திருக்கிறது. அவர் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஒரு வகுப்பு வைக்கிறார். நியூ ஜெர்சியில் ஒரு பையன், லண்டனில் ஒரு பெண். குளிர்காலத்தில் பையனுக்கு அது காலை எட்டு, பெண்ணுக்கு மதியம் ஒன்று. இருவருக்கும் தோதான நேரம்.

2026-இல் அமெரிக்கக் கடிகாரம் மாறியது மார்ச் 8 அன்று. லண்டன் கடிகாரம் மார்ச் 29 அன்று. இடையில் மூன்று சனிக்கிழமைகள். பையன் வழக்கம்போல் தன் வீட்டுக் கடிகாரத்தில் எட்டு மணிக்கு லிங்க்கைத் திறந்தால் திருச்சியில் அப்போது மாலை ஐந்தரைதான், டீச்சர் இல்லை. ஆறரைக்கு டீச்சர் வரும்போது அங்கே மணி ஒன்பது. பையன் நீச்சல் வகுப்புக்குப் போயிருப்பான். பையனுக்காக வகுப்பை ஐந்தரைக்கு மாற்றினால் லண்டன் பெண்ணுக்கு அது பகல் பன்னிரண்டாகிவிடும். அக்டோபர் கடைசியிலும் இதே குழப்பம் ஒரு வாரம் வரும். லண்டன் முந்திக்கொள்ளும், அமெரிக்கா ஒரு வாரம் கழித்து மாறும்.

இதற்குத் தீர்வு, நாட்டுக்கு ஒரு பேட்ச் என்று பிரித்துவிட்டு, அந்தந்தப் பேட்ச்சின் நேரத்தைப் பிள்ளை இருக்கும் ஊரின் கடிகாரத்தில் நிறுத்துவதுதான். கூகுள் காலண்டரில் வகுப்பைப் பதியும்போது நேர மண்டலத்தை நியூயார்க் என்று தேர்ந்தெடுத்தால் பையனுக்கு வருஷம் முழுக்கக் காலை எட்டு. திருச்சியில் அது ஆறரையிலிருந்து ஐந்தரைக்குத் தானாகவே நகர்ந்துவிடும். மாறும் வாரத்துக்கு முந்தைய வாரமே இரண்டு ஊர் நேரத்தையும் எழுதிப் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட வேண்டும்.

நேரம் மாறாத நாடுகளை வைத்துத் தொடங்குவது இன்னும் சுலபம். சிங்கப்பூரில் இரவு ஏழு என்றால் இங்கே மாலை நாலரை. துபாயில் மாலை ஐந்து என்றால் இங்கே ஆறரை. ஒரே மாலையில் இரண்டு வகுப்பும் அடங்கும். அமெரிக்கக் கிழக்குக் கரைப் பிள்ளைக்கு வார நாளில் மாலை ஏழுக்கு வகுப்பு எடுப்பதென்றால் இங்கே விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார வேண்டும், கோடையில் நாலரைக்கு. விடுமுறை நாளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அமீரகம் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. குவைத், கத்தார் பிள்ளைகளுக்கு இன்னும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறன்று பள்ளிக்கூடம் உண்டு.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. ஜூம் இலவசக் கணக்கில் வகுப்பு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். கூகுள் மீட்டில் இருவர் மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை; மூன்று பேரோ அதற்கு மேலோ ஆனால் இலவசமாக 60 நிமிடம். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது என்பதால் அங்குள்ள பிள்ளைக்கு அதை நம்பி இருக்கக் கூடாது. ஆசிரியர் எழுத ஒரு பென் டேப்லெட், ரவுட்டருக்கு மின்வெட்டில் கைகொடுக்க ஒரு சின்ன யுபிஎஸ், இவை போதும்.

ஆனால் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆசிரியர் எழுதுவது பிள்ளைக்குத் தெரிகிறது. பிள்ளை எழுதுவது ஆசிரியருக்குத் தெரிவதில்லை. 3x − (x − 4) = 12 என்று ஒரு கணக்கு. பையன் "எட்டு" என்கிறான். விடை நான்கு. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் கணக்கை முதலிலிருந்து மறுபடி நடத்துவார். நோட்டைப் பார்க்க முடிந்தால், அடைப்பை நீக்கும்போது அவன் 3x − x − 4 என்று எழுதியிருப்பது ஒரு நொடியில் தெரியும். கழித்தல் குறி நான்கையும் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குப் புரியவில்லை. அதனால் வீட்டில் இருக்கும் பழைய போனை ஒரு ஸ்டாண்டில் நோட்டைப் பார்த்துக் கவிழ்த்து வைத்து, இரண்டாவது ஆளாக அதே வகுப்பில் சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்தப் போனில் மைக்கும் ஸ்பீக்கரும் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு கருவியும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிடும்.

இனி பணம். மாதம் எட்டு வகுப்பு, வகுப்புக்கு 15 டாலர், மொத்தம் 120 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பேபாலில் வந்தால் 4.4 சதவீதத்தை ஒட்டிய கட்டணம் ஒன்று, டாலரை ரூபாயாக்கும் விகிதத்தில் இன்னொரு மூன்று நான்கு சதவீதம் என்று சுமார் 10 டாலர் கரைந்துவிடும். வங்கி வழியாக வயர் அனுப்பினால் பல அமெரிக்க வங்கிகள் ஒரு தடவைக்கு 30 முதல் 50 டாலர் வரை எடுத்துக்கொள்ளும். தொகை எவ்வளவானாலும் கட்டணம் அதேதான். ஆகவே மாதாமாதம் வாங்குவதென்றால் பேபால் பரவாயில்லை. நான்கு மாதத்துக்கு 480 டாலரை முன்பணமாக வாங்குவதென்றால் வயர் கட்டுபடியாகும். எதுவானாலும் கட்டணத்தை டாலரில் சொல்லி, வகுப்பு தொடங்கும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. கடல் கடந்து பாக்கி வசூலிக்க வழியில்லை.

பெற்றோர் பலர், "வெஸ்டர்ன் யூனியன்ல போட்டு விட்டுடறேன் மேடம், அம்மாவுக்கு அப்படித்தான் அனுப்பறேன்" என்பார்கள். இதை ஏற்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி அந்த வழி குடும்பச் செலவு போன்ற தனிப்பட்ட பணத்துக்கு மட்டுமே. ஒரு தடவைக்கு 2,500 டாலர், வருஷத்துக்கு 30 தடவை என்று வரம்பும் உண்டு. வெளிநாட்டுப் பணம் ஒவ்வொன்றுக்கும் வங்கி ஒரு நோக்கக் குறியீடு பதிகிறது. குடும்பச் செலவுக்கு P1301. கல்விச் சேவைக்கு P1107. டியூஷன் கட்டணம் P1301-இல் ஏறிவிட்டால், வருமானத்தைக் குடும்பப் பணமாகக் காட்டியதாகிவிடும். பணம் வந்ததும் வங்கியிடம் வரவுச் சான்று கேட்டு வாங்கி, குறியீடு சரியா என்று பார்த்து, பில்லோடு சேர்த்து வைக்க வேண்டும்.

இங்கே என்ஆர்ஓ கணக்கு வைத்திருக்கும் பெற்றோர் ரூபாயாகவே போட்டுவிடலாம். அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் போன் எண்ணிலேயே யுபிஐ இயங்குகிறது. எல்லாவற்றிலும் செலவு குறைந்த வழி இதுதான். ஆனால் ஜிஎஸ்டியில் ஏற்றுமதி என்று காட்டப் பொதுவாக வெளிநாட்டுப் பணமாக வந்திருக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளிநாட்டு வரவும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், அந்த எல்லையை நெருங்கும்போதே ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும். வருமான வரியோ முதல் ரூபாயிலிருந்தே கணக்கில் சேர்கிறது.

பேபாலில் பணம் கட்டியவர் 180 நாள் வரை புகார் எழுப்பித் திரும்பக் கேட்கலாம். அப்போது கைகொடுப்பது வருகைப் பதிவேடுதான். எந்தத் தேதி, இரு ஊர் நேரம், எத்தனை நிமிடம், என்ன பாடம் என்று வகுப்பு முடிந்தவுடன் ஒரு வரி எழுதி, மாதக் கடைசியில் பில்லோடு பெற்றோருக்கு அனுப்பிவிட்டால், தகராறு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.