“இறந்தவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள்!” இந்தக் கணக்கில் என்ன குறை?

மாணவர்களே, 2021ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அனுப்பியவர் பாகான் டாலாமில் இருக்கும் என் சித்தப்பா. பாட்டி கோவிட் ஊக்கத் தடுப்பூசிக்குப் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தப் படத்தில் இருவர் வாதிட்டுக் கொண்டிருந்தார்கள். ஒருவர், “கோவிட்டால் இறந்தவர்களில் பாதிப் பேர் இரண்டு ஊசியும் போட்டவர்கள். அப்படியானால் ஊசியால் என்ன பயன்?” என்று கேட்டிருந்தார். மற்றவர், “உனக்கு அறிவே இல்லையா?” என்று எழுதியிருந்தார். படம் அதோடு வெட்டப்பட்டிருந்தது. “பாதிப் பேர்” என்பது எந்த மாதக் கணக்கு, எங்கிருந்து எடுத்தது என்ற விவரம் படத்தில் இல்லை.

அந்த எண் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதல் நபரின் முடிவு சரியாகுமா?

அவர் இறந்தவர்களை மட்டும் எண்ணினார். ஊசி போட்டவர்கள் நாட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. மலேசியாவில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றுவிட்டதாக 2021 அக்டோபர் 10ஆம் தேதி அரசாங்கம் அறிவித்தது. இந்த 90 விழுக்காட்டைத்தான் அவர் மறந்துவிட்டார்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 10,000 பெரியவர்கள். ஊசி போட்டவர்கள் 9,000 பேர், போடாதவர்கள் 1,000 பேர். கோவிட்டால் 20 பேர் இறக்கிறார்கள். அவர்களில் ஊசி போட்டவர்கள் 10 பேர், போடாதவர்கள் 10 பேர். படத்தில் சொன்ன அதே “பாதிப் பேர்”.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஊசி போட்ட 9,000 பேரில் 10 பேர் என்றால் 900 பேரில் ஒருவர் இறந்திருக்கிறார். போடாத 1,000 பேரில் 10 பேர் என்றால் 100 பேருக்கு ஒருவர். போடாதவர்களின் ஆபத்து ஒன்பது மடங்கு.

இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். ஊசிக்கு எந்தப் பலனுமே இல்லை என்றால் 20 மரணங்களும் மக்கள்தொகையைப் போலவே பிரிந்திருக்க வேண்டும். அதாவது, ஊசி போட்டவர்கள் 18, போடாதவர்கள் 2. ஆனால் நம் கணக்கில் 10க்கு 10. ஊரில் எல்லாருமே ஊசி போட்டிருந்தால், இறந்தவர்கள் அத்தனை பேரும் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்!

ஆனால், “ஊசி ஒன்பது மடங்கு காக்கும்” என்று உடனே எழுதிவிடாதீர்கள். நம் கணக்கிலும் ஒரு குறை உண்டு. வயதானவர்களுக்குக் கோவிட்டால் ஆபத்து அதிகம். இரண்டு கூட்டங்களிலும் முதியவர்களின் பங்கு வேறுபட்டால், அந்த ஒன்பது என்ற எண் கூடலாம், குறையலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களை அதே வயதினரோடு ஒப்பிட்டால்தான் நியாயம். இதைச் சரிபார்க்க வழி இருந்தது. நம் சுகாதார அமைச்சு, இறந்தவர்களின் பெயர் இல்லாமல், ஒவ்வொருவரின் வயதையும் ஊசி போட்ட தேதிகளையும் பொதுத் தரவாக வெளியிட்டிருந்தது.

சரி, பதில் எப்படி எழுதுவது? படத்தில் இருந்த இரண்டாம் நபர் ஆளைத் தாக்கினார். கணக்கைத் தொடவே இல்லை. அதனால் படிப்பவருக்கு, “பதில் சொல்ல முடியாமல் திட்டுகிறார்” என்றுதான் தோன்றும். நான் சித்தப்பாவுக்கு எழுதியது இதுதான்:

“சித்தப்பா, ஊசி போட்டவர்களும் இறந்திருப்பது உண்மைதான். ஊசி முழுப் பாதுகாப்பு தராது. ஆனால் பெரியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஊசி போட்டுவிட்டார்கள். அந்த ஒன்பது பேரில் நேர்வதும் மீதி ஒருவரிடம் நேர்வதும் சம எண்ணிக்கை என்றால், ஆபத்து யாருக்கு அதிகம்? பாட்டி வயதுக்காரர்களின் கணக்கைத் தனியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்களிடம் அந்த விவரம் இருந்தால் அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.”

முதலில் அவர் பக்கத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டேன். பிறகு ஒரே ஒரு குறையை மட்டும் காட்டினேன். ஒன்பது மடங்கு என்று அடித்துச் சொல்லவில்லை. எந்த விவரம் கிடைத்தால் என் கருத்தையும் சரிபார்ப்பேன் என்று கடைசியில் சொன்னேன். படத்தை எழுதியவர் யார், எப்படிப்பட்டவர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அன்று இரவு சித்தப்பாவின் பதில் வந்தது: “அந்த வயசுக் கணக்கு எங்கப்பா இருக்கு?” நான் அமைச்சின் தரவுப் பக்கத்தை அனுப்பி வைத்தேன்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: “மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தலைக்கவசம் அணிந்தவர்கள். எனவே தலைக்கவசம் வீண்” என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. எந்த எண் விடுபட்டிருக்கிறது? நான்கு வரியில் பதில் எழுதிப் பாருங்கள்.