பசலிக்கும் ஹிஜ்ரிக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள்

நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பசலி பழகிய சொல். அடங்கலில் பயிர் விவரத்துக்கு மேலே ‘பசலி 1435’ என்பதுபோல ஓர் எண் இருக்கும். கிஸ்தி ரசீதிலும் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது கிராமக் கணக்குகளைப் பசலி எண் சொல்லித்தான் சரிபார்க்கிறார்கள். 2025 ஜூலை 1-ஆம் தேதி பசலி 1435 பிறந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், ஜூன் கடைசி வாரத்தில், முஹர்ரம் பிறையோடு ஹிஜ்ரி 1447 தொடங்கியிருந்தது.

இந்த இரண்டு எண்களும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. 1636-ஆம் ஆண்டில் ஹிஜ்ரியும் 1046, பசலியும் 1046. இன்று இரண்டுக்கும் இடையே 12 வித்தியாசம். எழுதியவர்கள் யாரும் தவறு செய்யவில்லை. ரமலான் நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வருகிறதே, அந்தப் பதினொரு நாள்களே சேர்ந்து சேர்ந்து இந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கணக்கு எளிது. ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சராசரியாக 29.53 நாள். பிறையை அரை நாளில் தொடங்க முடியாது என்பதால் இஸ்லாமிய மாதம் ஒன்று 29 நாளில் முடியும், அல்லது 30 நாளில் முடியும். பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் 354 நாள், சில ஆண்டுகளில் 355. சூரிய ஆண்டோ 365 நாளும் கால் நாளுக்குச் சற்றுக் குறைவும். ஆகவே சந்திர ஆண்டு 10.9 நாள் முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் முதல் நோன்பு 2023-இல் மார்ச் 24; 2024-இல் மார்ச் 12; 2025-இல் மார்ச் 2. முதலில் 12 நாள் நகர்ந்தது, அடுத்து 10 நாள்தான் நகர்ந்தது. 2024 லீப் ஆண்டு. பிப்ரவரியில் ஒரு நாள் கூடியதால் 354 நாளில் வந்த நோன்பு 12 நாள் முந்தியதாகத் தெரிந்தது. அடுத்த நோன்பு 355 நாள் கழித்து வந்தது. 365-இல் கழித்தால் பத்து. இப்படி 10, 11, 12 என்று மாறி மாறி வந்தாலும் நீண்ட காலச் சராசரி 10.9-ஐ விட்டு விலகுவதில்லை.

இந்த வேகத்தில் ஒரு மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றிவர ஏறக்குறைய 32 ஆண்டு ஆறு மாதம் ஆகிறது. 2019-இல் கத்திரி வெயிலில் நோன்பு வைத்தோம். 2030-இல் அது மார்கழிக் குளிரில் இருக்கும். ஜனவரி தொடக்கத்தில் ஒரு ரமலான், டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு ரமலான் பிறக்கும். மறுபடி கத்திரி நாள்களுக்கு நோன்பு வந்து சேர 2051 வரை காத்திருக்க வேண்டும்.

சந்திரனைப் பார்த்து மாதம் கணிக்கும் எல்லா நாள்காட்டிகளும் இப்படி நகர்வதில்லை. தெலுங்குப் பஞ்சாங்கமும் அமாவாசையை வைத்தே மாதம் கணிக்கிறது. ஆனால் பின்தங்கிய நாள்கள் ஒரு மாத அளவுக்குச் சேர்ந்ததும் அதிக மாதம் ஒன்றைச் செருகி, பருவத்தோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. தீபாவளி அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையிலேயே ஆடிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவிலும் மாதங்களைத் தள்ளிப்போடும் வழக்கம் இருந்தது. ‘நஸீஉ’ என்று அதற்குப் பெயர். போர் விலக்கப்பட்ட புனித மாதங்களை வசதிக்கேற்ப இடம் மாற்ற அது வழிவிட்டது. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் மாதங்கள் பன்னிரண்டே என்று வரையறுத்து, அந்த வழக்கத்தைத் தடுத்தது. 632-இல் நிகழ்த்திய இறுதி ஹஜ் பேருரையில் நபிகள் நாயகம் அதை மறுபடி அறிவித்தார்கள். ஆகவே இந்த நகர்வு கணிதம் தெரியாமல் நேர்ந்த பிழை அன்று. தெரிந்தே ஏற்ற ஒழுங்கு. எந்த நாட்டு முஸ்லிமுக்கும் நோன்பு நிரந்தரமாகக் கோடையிலேயோ குளிரிலேயோ நின்றுவிடாமல் போவது அதன் பலன். கோடைப் பகல் மிக நீளும் வட நாடுகளில் இருப்பவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

வணக்கத்துக்குப் பொருந்திய இந்த ஆண்டு, நிலவரிக்குப் பொருந்தவில்லை. சிக்கல் இதுதான்: 32 சூரிய ஆண்டுகளில் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் முடிந்துவிடும். விளைச்சலோ 32 முறைதான் வீடு வந்திருக்கும். ஹிஜ்ரி ஆண்டுக்கு ஒரு முறை வரி என்றால், அறுக்காத ஒரு போகத்துக்கும் உழவர் வரி கட்ட வேண்டும். இந்தச் சிக்கலைப் பாக்தாத்தின் அப்பாஸிய கலீஃபாக்களும் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சந்தித்தார்கள். கலீஃபா முஃததித் வரி வசூலின் தொடக்க நாளைக் கோடையில், ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

முகலாயர் கண்ட தீர்வு பசலி. அறுவடைக்குரிய ஆண்டு என்பது அதன் கருத்து. ஆண்டு எண்ணை ஹிஜ்ரியிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து சூரிய ஆண்டாக எண்ணிக்கொண்டு போவார்கள். வட இந்தியப் பசலி அக்பர் அரியணை ஏறிய 1556-ஐ, அதாவது ஹிஜ்ரி 963-ஐ, அடிப்படையாகக் கொண்டது. தக்காணத்தில் ஷாஜஹான் காலத்தில் 1636-இல் தொடங்கினார்கள். நம்முடைய பசலி இந்தத் தக்காணப் பசலிதான். சென்னை மாகாணத்தில் அது முதலில் ஆடி முதல் நாளில் பிறந்தது. ஆங்கிலேயர் அதை ஜூலை நடுவில் ஒரு தேதிக்குக் கட்டிப்போட்டு, 1855-இல் ஜூலை 1-க்கு மாற்றினார்கள். அந்தத் தேதி இன்றும் மாறவில்லை.

இப்போது தொடக்கத்து எண்ணைச் சோதிக்கலாம். 1636 முதல் 2025 வரை 389 சூரிய ஆண்டுகள். நாள்கணக்கில் சுமார் 1,42,079. இதை ஒரு சந்திர ஆண்டின் 354.367 நாளால் வகுத்தால் 400.9 வருகிறது, 401 என்று வைத்துக்கொள்ளலாம். 1046-உடன் 389-ஐக் கூட்டினால் 1435, இன்றைய பசலி. 1046-உடன் 401-ஐக் கூட்டினால் 1447, இன்றைய ஹிஜ்ரி. வானத்தைப் பார்க்காமலேயே, வருவாய்த் துறைக் காகிதத்தைக் கொண்டு சந்திர ஆண்டின் நகர்வை இப்படி அளந்துவிடலாம்.

பழைய பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். எந்தக் காலத்துப் பசலிக்கும் இதே எண்தான். ஹிஜ்ரிக்கு அப்படி ஒரு நிலையான எண் கிடையாது. அதை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஓராண்டு முன்பின்னாக விடை வரும். ஒரு பத்திரத்தில் 1270 என்று மட்டும் இருந்தால், பசலியாக எடுத்தால் 1860 ஜூலை முதல் 1861 ஜூன் வரை. ஹிஜ்ரியாக எடுத்தால் 1853 அக்டோபர் முதல் 1854 செப்டம்பர் வரை. ஏறக்குறைய ஏழு ஆண்டு தள்ளிப்போகும். பங்குப் பிரிவினையிலும் அனுபவ பாத்தியதை வழக்கிலும் ஏழு ஆண்டு சின்ன விஷயம் இல்லை. எண்ணுக்கு அருகே முஹர்ரம், ஷவ்வால் போன்ற மாதப் பெயர் இருந்தால் ஹிஜ்ரி என்று கொள்ளலாம்; கிஸ்தி, சாகுபடி பற்றிய பேச்சு இருந்தால் பெரும்பாலும் பசலி. இதைப் பார்க்காமல் ஆண்டை எழுதிவிடாதீர்கள்.

இடைவெளி இனியும் வளரும். 2058 ஜூலை 1-ஆம் தேதி பசலி 1468 பிறக்கும்போது ஹிஜ்ரி 1481 நடந்துகொண்டிருக்கும். அன்று வித்தியாசம் 13.