படத்தில் இருப்பது கேமரா டிரோனா, பொம்மையா?

மாணவர்களே, இணையச் சந்தையில் இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் நிறத்தில், நான்கு கைகளையும் மடக்கி வைக்கக்கூடிய ஒரு டிரோன். மூக்குப் பகுதியில் கேமரா, பக்கத்தில் ரிமோட். கீழே "4கே கேமரா, கிம்பல் உண்டு, இரண்டு முறைதான் பறக்கவிட்டது, விலை 120 வெள்ளி" என்று எழுதியிருக்கிறது. உண்மையான கேமரா டிரோன் கடையில் பல நூறு வெள்ளிக்கு விற்கும் பொருள். சேர்த்து வைத்த தீபாவளிப் பணத்தை எடுக்கலாமா?

எழுதியிருப்பதை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடலின் வடிவத்தை நம்ப வேண்டாம். மடக்கும் கைகளும் சாம்பல் நிறமும் யார் வேண்டுமானாலும் அச்சில் வார்த்துவிடக்கூடிய பிளாஸ்டிக்தான். முன்பக்கத்தில் இரண்டு கண்கள் போலத் தெரியும் உணரிகள்கூடப் பல பொம்மைகளில் வெறும் வட்டங்களாகவே இருக்கும். போலி செய்யக் கடினமானது எதுவோ, அதைத் தேடுங்கள். முதலில் கேமரா எதில் தொங்குகிறது என்று பாருங்கள்.

நான்கு விசிறி டிரோன் முன்னே போக வேண்டுமென்றால் முன்பக்கம் தாழ்ந்து சாய வேண்டும். வேறு வழியில்லை. காற்று தள்ளினால் அதை எதிர்த்து நிற்கவும் சாய்ந்தே ஆக வேண்டும். கேமரா உடலோடு ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து சாயும்; படத்தில் அடிவானம் இப்படியும் அப்படியும் ஆடும். இதைத் தடுப்பதற்காகக் கேமராவைத் தாங்கிப் பிடிக்கும் கருவிதான் கிம்பல். உடல் ஒரு பக்கம் சாயும் அதே கணத்தில் கிம்பலில் உள்ள சிறு மோட்டார் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். மூன்று அச்சு கிம்பல் என்றால் மேல்கீழ், பக்கவாட்டுச் சாய்வு, இடவலத் திருப்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார் உண்டு.

அது படத்தில் எப்படித் தெரியும்? கேமராவுக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வளைந்த சிறு கை ஒன்று பக்கவாட்டிலிருந்து வந்து கேமராவைப் பிடித்திருக்கும். உடலோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தணிக்கச் சிறு ரப்பர்க் குமிழ்கள் இருக்கும். இன்னொரு நல்ல அடையாளமும் உண்டு. மின்சாரம் இல்லாதபோது கிம்பல் தளர்ந்துவிடும்; கேமரா ஒரு பக்கம் தலையைத் தொங்கப்போட்டதுபோல் இருக்கும். அணைத்து வைத்த டிரோனின் படத்தில் கேமரா கோணலாக நின்றால், அது பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

பொம்மையில் கேமரா உடலின் கூட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். சிலவற்றில் கிம்பல் போன்ற ஓர் உருவத்தையே பிளாஸ்டிக்கில் வார்த்து ஒட்டியிருப்பார்கள். வேறு சிலவற்றில் கேமரா மேலும் கீழும் மட்டும் அசையும். அது கோணத்தை மாற்றும் வசதிதான், சாய்வைச் சரிசெய்யாது. நம் விளம்பரப் படத்தில் கேமராவைச் சுற்றி இடைவெளியே தெரியவில்லை என்றால், "கிம்பல் உண்டு" என்ற சொல்லை நம்புவது கடினம்.

அடுத்து கைகளின் நுனி. பலர் விசிறிகளைத்தான் பார்ப்பார்கள். ஆனால் மடங்கும் விசிறிகள் பொம்மைகளிலும் வந்துவிட்டன. பார்க்க வேண்டியது விசிறிக்கு அடியில் இருக்கும் மோட்டாரை.

கேமரா டிரோனில் இருப்பது பிரஷ் இல்லாத மோட்டார். குட்டையாக, அகலமாக, ஒரு புட்டியின் மூடியைப்போல் இருக்கும். வெளிக்கூடுதான் காந்தங்களோடு சுழலும். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கும். கூட்டின் இடைவெளிகள் வழியே அந்தச் செம்பு நிறம் பளிச்சென்று தெரியும். விசிறி நேராக அந்த மூடியின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

மலிவான பொம்மையில் பிரஷ் உள்ள மோட்டார் இருக்கும். ஏறக்குறைய ஒரு பென்சில் தடிமனில், சின்ன உலோகக் குழாய்போல இருக்கும். இது வேகமாகச் சுழலும், ஆனால் பெரிய விசிறியைச் சுழற்ற இதற்கு வலு போதாது. அதனால் இடையில் பல்சக்கரம் வைப்பார்கள். டிரோனின் அடிப்பக்கப் படம் கிடைத்தால் பாருங்கள்: விசிறியின் அச்சில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரமும், அதன் பக்கத்தில் மெல்லிய மோட்டாரும் தெரியும். மோட்டார் விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி நிற்பது தெளிவான தடயம். உள்ளே உரசும் பிரஷ் தேய்ந்துகொண்டே போவதால், இத்தகைய மோட்டாரின் ஆயுள் குறைவு. நான்கில் ஒன்று முதலில் வலு இழந்தால் டிரோன் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். "இரண்டு முறைதான் பறக்கவிட்டது" என்பது உண்மையா என்று படத்தில் தெரியாது.

ரிமோட்டைக் குறித்து அதிகம் சொல்லத் தேவையில்லை. கேமரா டிரோனின் ரிமோட்டில் தோள்பட்டை போன்ற மேல் விளிம்பில் ஒரு சிறு உருளை இருக்கும். கேமராவை மேலும் கீழும் சாய்ப்பதற்கு. அருகில் படம் எடுக்கும் பொத்தான். கைப்பேசியை ரிமோட்டோடு இணைக்கக் குட்டைக் கம்பி ஒன்றும் இருக்கும், அல்லது ரிமோட்டிலேயே திரை இருக்கும். பொம்மையில் படம் பெரும்பாலும் டிரோனிலிருந்து வைஃபை வழியாக நேரே கைப்பேசிக்குப் போகிறது. ரிமோட்டுக்கும் கைப்பேசிக்கும் தொடர்பே இல்லை. அதனால் கைப்பேசியைப் பிடிக்க ஒரு கவ்வி மட்டும் இருக்கும், கம்பி இருக்காது. குட்டிக்கரணம் அடிக்க ஒரு பொத்தான் முகப்பிலேயே இருந்தால், அந்த ரிமோட் எதற்காகச் செய்யப்பட்டது என்று உங்களுக்கே புரியும்.

இந்த மூன்று தடயங்களும் எப்போதும் ஒரே பக்கம் கை காட்டுவதில்லை. 2018இல் வந்த டெல்லோ என்ற குட்டி டிரோனை உங்களில் சிலர் பள்ளியில் நிரல் எழுதிப் பறக்கவிட்டிருக்கலாம். எடை சுமார் 80 கிராம். அதில் பிரஷ் உள்ள மோட்டார்தான், கிம்பலும் கிடையாது. ஆனால் நிரல் கற்கச் சிறந்த கருவி. பந்தய டிரோன்களில் பிரஷ் இல்லாத வலுவான மோட்டார்கள் இருக்கும், கிம்பல் இருக்காது. பிரஷ் இல்லாத மோட்டாரைப் பொருத்திய பொம்மைகளும் இப்போது விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஆகவே மோட்டாரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். நிலையான படம் வேண்டும் என்பவருக்குக் கிம்பல்தான் முதல் சாட்சி.

விளம்பரத்தில் உள்ள படமே வேறெங்கிருந்தோ எடுத்ததாகவும் இருக்கலாம். பின்னணி தூய வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். ஒன்று, கையின் நுனியை அடிப்பக்கத்திலிருந்து. இன்னொன்று, ரிமோட்டின் மேல் விளிம்பு. மூன்றாவதுதான் முக்கியம்: டிரோனைச் சமதளத்தில் வைத்து இயக்கி, விசிறிகளைச் சுழலவிடாமல், கையில் எடுத்துச் சற்றே ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்த படம். உடல் சாய்ந்திருக்க, கேமரா மட்டும் தரைக்கு இணையாக நிமிர்ந்து நின்றால் அங்கே கிம்பல் வேலை செய்கிறது. கேமராவும் உடலோடு சேர்ந்து சாய்ந்திருந்தால், 120 வெள்ளிக்குப் பேரம் பேச வேண்டிய பொருள் அது இல்லை.