தவணை தாண்டாத பாக்கிக்கும் ஒதுக்கீடு

கடனுக்குச் சரக்கு விற்ற நிறுவனம், பாக்கி வராது என்று உறுதியாகும் வரை காத்திருக்கக் கூடாது என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 109. பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இழப்பு விகிதம் வைக்கலாம்.

தேர்வில் இப்படி வரும்: தவணை தாண்டாதது 10 லட்சம் ரூபாய், 0.5 சதவீதம், 90 நாள் வரை தாண்டியது 4 லட்சம், 2 சதவீதம், அதற்கும் மேல் 1 லட்சம், 20 சதவீதம். முறையே 5,000, 8,000, 20,000. மொத்தம் 33,000.

இதையே செலவாக எழுதினால் தவறு. போன ஆண்டு ஒதுக்கீடு 21,000 அப்படியே இருந்தால், லாப நஷ்டக் கணக்குக்குப் போவது 12,000 மட்டுமே. இருப்புநிலைக் குறிப்பில்தான் 33,000 முழுவதும் பாக்கியிலிருந்து கழியும்.

விகிதத்தையும் கவனியுங்கள். அது பழைய வசூல் அனுபவத்தோடு நிற்பதல்ல. வாடிக்கையாளர்களின் தொழில் நலியும் என்று கேள்வி சொன்னால், அதற்கேற்ப உயர்த்திய பிறகே பெருக்க வேண்டும்.